டௌ விழுகிறது, எஸ் அண்ட் பி ஏறுகிறது: குறியீட்டெண் வெயிட்டேஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்செக்ஸ், நிஃப்டி பார்த்துப் பழகியவர்கள் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பக்கம் போகும்போது அநேகமாக வெயிட்டேஜ் என்ற ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். அங்கே எழும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். எளியதில் தொடங்கி, போகப்போகக் கடினமாகும். மூன்றாவது கேள்வியில் வரும் சின்னக் கணக்கைப் பின்னால் பல இடங்களில் எடுத்தாள்வதால் அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

வெயிட்டேஜ் வெயிட்டேஜ் என்கிறார்களே, அது என்ன?

ஒரு குறியீட்டெண்ணில் 30 பங்குகள் இருந்தால் அந்த முப்பதுக்கும் ஒரே குரல் கிடையாது. ஒரு பங்கு 1 சதவீதம் நகர்ந்தால் மொத்த எண் எவ்வளவு நகரும் என்பதுதான் அந்தப் பங்கின் வெயிட்டேஜ். 10 சதவீத வெயிட்டேஜ் உள்ள பங்கு 1 சதவீதம் ஏறினால் குறியீட்டெண் 0.1 சதவீதம் ஏறும்.

அந்த வெயிட்டேஜை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. டௌவும் ஜப்பானின் நிக்கேய் 225-உம் ஒரு பங்கின் விலையை வைத்துத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500, சென்செக்ஸ், நிஃப்டி, ஜப்பானின் டோபிக்ஸ் எல்லாம் நிறுவனத்தின் சந்தை மதிப்பை, அதாவது விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவதை வைத்துத் தீர்மானிக்கின்றன.

டௌவில் 30 பங்குதான். விலையெல்லாம் கூட்டி 30-ஆல் வகுத்தால் சில நூறு டாலர்தானே வரணும்? 40,000 எங்கிருந்து வந்தது?

30-ஆல் வகுப்பதில்லை, அதனால்தான். 1896 மே 26 அன்று சார்லஸ் டௌ 12 பங்குகளோடு இந்த எண்ணைத் தொடங்கியபோது உண்மையிலேயே 12-ஆல்தான் வகுத்தார். 40.94 வந்தது. பின்னாளில் நிறுவனங்கள் ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரித்தன, பட்டியலில் பழையவை போய்ப் புதியவை வந்தன. ஒவ்வொரு முறையும் எண் செயற்கையாகத் துள்ளாமல் இருக்க வகுஎண்ணை மாற்றிக்கொண்டே வந்தார்கள். பங்குப் பிரிப்புகள் அதைக் கீழே இழுத்துக்கொண்டே போனதில் அது 1-க்கும் கீழே இறங்கிவிட்டது. 2024 நவம்பரில் என்விடியாவும் ஷெர்வின் வில்லியம்ஸும் உள்ளே வந்தபின் அது 0.16268 ஆனது.

0.16268-ஆல் வகுப்பது என்றால் ஏறத்தாழ 6.15-ஆல் பெருக்குவது. முப்பதில் எந்தப் பங்கு ஒரு டாலர் ஏறினாலும் டௌ 6.15 புள்ளி ஏறும். அந்த ஒரு டாலர் 50 டாலர் பங்கில் ஏறியதா, 600 டாலர் பங்கில் ஏறியதா என்று டௌ பார்ப்பதே இல்லை. இதுதான் அந்த முறையின் மொத்த இயல்பும்.

இரண்டு முறையிலும் ஒரே நாளைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

மூன்று கற்பனைப் பங்குகளை எடுத்துக்கொள்வோம். அ-வின் விலை 300 ரூபாய், மொத்தப் பங்குகள் 10 கோடி. ஆ-வின் விலை 60 ரூபாய், பங்குகள் 200 கோடி. இ-யின் விலை 40 ரூபாய், பங்குகள் 100 கோடி. விலைகளின் கூட்டல் 400. வகுஎண் 4 என்று வைத்தால் விலை முறைக் குறியீடு 100. சந்தை மதிப்புகள் முறையே 3,000 கோடி, 12,000 கோடி, 4,000 கோடி. மொத்தம் 19,000 கோடி. இதையும் 100 என்று வைத்துக்கொள்வோம்.

மறுநாள் அ 20 சதவீதம் விழுந்து 240 ஆகிறது. ஆ 10 சதவீதம் ஏறி 66 ஆகிறது. இ அசையவில்லை. விலைகளின் கூட்டல் 346, நான்கால் வகுத்தால் 86.5. விலை முறைப்படி சந்தை 13.5 சதவீதம் சரிவு. இப்போது சந்தை மதிப்பைப் பாருங்கள். அ 600 கோடி இழந்தது, ஆ 1,200 கோடி சேர்த்தது. மொத்தம் 19,600 கோடி. சந்தை மதிப்பு முறைப்படி 103.2, அதாவது 3.2 சதவீதம் ஏற்றம்.

இரண்டு எண்ணிலும் கணக்குப் பிழை இல்லை. மூன்று நிறுவனத்திலும் தலா ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு அன்றைக்கு என்ன ஆனது என்பதை முதலாவது சொல்கிறது. மூன்று நிறுவனத்தின் எல்லாப் பங்குதாரர்களுக்கும் சேர்த்து என்ன ஆனது என்பதை இரண்டாவது சொல்கிறது. "சந்தை இன்று எப்படி?" என்று கேட்பவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் அறிய விரும்புகிறார்.

ஒரு கம்பெனி பங்கை ஸ்பிளிட் பண்ணினால் விலை குறையுமே, விலை முறைக் குறியீடு விழுந்துவிடாதா?

விழாமல் இருக்கத்தான் வகுஎண் மாற்றம். மேலே உள்ள அ, விலை 300 ஆக இருந்தபோதே ஒன்றை மூன்றாகப் பிரித்தது என்று வையுங்கள். விலை 100 ஆகிறது, கூட்டல் 400-லிருந்து 200 ஆகிறது. குறியீடு 100-லேயே நிற்க வேண்டும். 200-ஐ எதால் வகுத்தால் 100 வரும்? 2. ஆகவே வகுஎண் 4-லிருந்து 2 ஆகிறது. சந்தை மதிப்பு முறையில் இந்த வேலையே இல்லை. விலை மூன்றில் ஒன்றாகிறது, எண்ணிக்கை மும்மடங்காகிறது, பெருக்கினால் அதே 3,000 கோடி.

சரி, எண் மாறவில்லை. அப்போ ஸ்பிளிட்டால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அன்றைய எண் மட்டும்தான் மாறவில்லை, அடுத்த நாளிலிருந்து அது பேசும் விதம் மாறிவிடுகிறது. பிரிப்புக்கு முன் அ 10 சதவீதம் ஏறினால் 30 ரூபாய், நான்கால் வகுக்க 7.5 புள்ளி. பிரிப்புக்குப் பின் அதே 10 சதவீதம் 10 ரூபாய், இரண்டால் வகுக்க 5 புள்ளி. ஆ-வின் 10 சதவீதமோ 1.5 புள்ளியிலிருந்து 3 புள்ளியாக இரட்டித்துவிட்டது. ஆ நிறுவனத்தில் எதுவுமே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிஜத்தில் இது பெரிய அளவில் நடந்தது 2020 ஆகஸ்ட் 31 அன்று. அதற்கு முந்தைய வர்த்தக நாளான ஆகஸ்ட் 28-இல் ஆப்பிள் 499.23 டாலர், டௌ 28,653.87, வகுஎண் 0.145798. ஆப்பிளின் வெயிட்டேஜ் ஏறக்குறைய 12 சதவீதம், பட்டியலில் முதலிடம். அது 10 சதவீதம் நகர்ந்தால் டௌ சுமார் 342 புள்ளி நகரும். ஆப்பிள் ஒன்றை நான்காகப் பிரித்ததும் விலை 125 டாலருக்குச் சற்றுக் கீழே வந்தது. அதே நாளில் எக்ஸான் மொபில், ஃபைசர், ரேத்தியான் வெளியேற, சேல்ஸ்ஃபோர்ஸ், ஆம்ஜென், ஹனிவெல் உள்ளே வந்தன. புதிய வகுஎண் 0.151987. ஆப்பிளின் வெயிட்டேஜ் 2.9 சதவீதம் ஆனது. அதன் 10 சதவீத நகர்வு இப்போது 82 புள்ளிதான்.

உலகின் மிக மதிப்புள்ள நிறுவனமாக அன்றும் அதுவே இருந்தது. எஸ் அண்ட் பி 500-இல் அதன் வெயிட்டேஜ் இந்தப் பிரிப்பால் துளியும் மாறவில்லை. டௌவில் மட்டும் நடுவரிசைக்கு இறங்கியது. முதலிடம் யுனைடெட்ஹெல்த் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது. அதன் விலை 300 டாலரைத் தாண்டியிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

டௌ 500 புள்ளி சரிவு என்று செய்தி வருகிறது, அதே நாளில் எஸ் அண்ட் பி பச்சையில் இருக்கிறது. இதில் எதை நம்புவது?

நம்புவதற்கு முன் எந்தப் பங்கு இழுத்தது என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 17 இதற்குச் சரியான பாடம். அன்று டௌ 527 புள்ளி, அதாவது 1.33 சதவீதம் இறங்கி 39,142-இல் முடிந்தது. எஸ் அண்ட் பி 500-ஓ 0.13 சதவீதம் ஏறியது. அன்று காலை யுனைடெட்ஹெல்த் தன் ஆண்டு லாபக் கணிப்பைக் குறைத்திருந்தது. பங்கு 585.04 டாலரிலிருந்து 454.11-க்கு விழுந்தது. 130.93 டாலர் இழப்பு.

கணக்கு ஒரே வரிதான்:

```
புள்ளிப் பங்களிப்பு = விலை மாற்றம் ÷ வகுஎண்
-130.93 ÷ 0.16268 = -804.8
```

ஒரே பங்கு 805 புள்ளியைக் கீழே இழுத்தது. டௌ மொத்தமாக இறங்கியதே 527 புள்ளிதான். அப்படியானால் மற்ற 29 பங்குகளும் சேர்ந்து டௌவை 278 புள்ளி மேலே தள்ளியிருக்கின்றன. யுனைடெட்ஹெல்த்தின் வெயிட்டேஜ் அன்று டௌவில் 9 சதவீதம். எஸ் அண்ட் பி 500-இல் அது ஏறத்தாழ 1 சதவீதம்தான். அதனால்தான் அங்கே மற்ற பங்குகளின் ஏற்றம் அதை விழுங்கிவிட்டது. "அமெரிக்கச் சந்தையில் பலத்த சரிவு" என்று அன்று யாராவது தலைப்பு போட்டிருந்தால் அது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் செய்தியைச் சந்தையின் செய்தியாகச் சொன்னது போலத்தான்.

இரண்டு எண்ணும் 1 சதவீதத்துக்கு மேல் விலகி நிற்கும் நாளில் டௌவின் விலை உயர்ந்த நான்கைந்து பங்குகளை முதலில் பாருங்கள். அநேகமாக அங்கேயே காரணம் கிடைத்துவிடும்.

எம்ஆர்எஃப் பங்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. இந்தியாவிலேயே மிகப் பெரிய விலைகளில் ஒன்று. ஏன் நிஃப்டி 50-இல் இல்லை?

விலைக்கும் நிறுவனத்தின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் வெளியிட்டிருக்கும் பங்குகள் மொத்தமே சுமார் 42.4 லட்சம். 2023 ஜூனில் ஒரு பங்கு ஒரு லட்சத்தைத் தொட்டபோது மொத்த மதிப்பு 42,400 கோடி ரூபாய் அளவில் இருந்தது. அதே மாதம் ரிலையன்ஸ் விலை 2,500 ரூபாயைச் சுற்றி இருந்தது. ஆனால் பங்குகளோ 676 கோடி. மதிப்பு ஏறத்தாழ 17 லட்சம் கோடி. விலையில் எம்ஆர்எஃப் 40 மடங்கு பெரியது, மதிப்பில் ரிலையன்ஸ் 40 மடங்கு பெரியது.

அன்றைய விலையில் இந்த இரண்டும் ஒரு விலை முறைக் குறியீட்டில் இருந்தால் எம்ஆர்எஃப்-இன் 1 சதவீத ஏற்றமும் ரிலையன்ஸின் 40 சதவீத ஏற்றமும் ஒரே அளவு புள்ளியைக் கொடுக்கும். நிஃப்டி அப்படி அமைக்கப்படவில்லை. சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பில் முன்வரிசையில் இருந்தால்தான் உள்ளே வர முடியும்.

"சந்தையில் புழங்கும் பங்குகள்" என்றால்? மொத்தப் பங்கையும்தானே எடுத்துக்கொள்கிறார்கள்?

முன்பு மொத்தத்தையும் எடுத்தார்கள். இப்போது புரமோட்டர்கள், அரசு போன்றோர் விற்காமல் வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எடுக்கிறார்கள். ஃப்ரீ ஃப்ளோட் என்பது அதுதான். சென்செக்ஸ் 2003 செப்டம்பர் 1 முதலும், நிஃப்டி 2009 ஜூன் 26 முதலும் இந்த முறைக்கு மாறின. வாங்க முடியாத பங்குக்கு வெயிட்டேஜ் கொடுத்தால், அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் எல்லாம் கிடைக்கிற கொஞ்சப் பங்குக்காக முட்டி மோதி விலையை ஏற்றிவிடும்.

இதன் விளைவை டிசிஎஸ், இன்ஃபோசிஸ் இரண்டிலும் பார்க்கலாம். மொத்தச் சந்தை மதிப்பில் டிசிஎஸ் பெரியது. ஆனால் அதில் 70 சதவீதத்துக்கு மேல் டாடா சன்ஸ் கையில் இருக்கிறது. இன்ஃபோசிஸில் புரமோட்டர் பங்கு மிகக் குறைவு. அதனால் நிஃப்டியில் இன்ஃபோசிஸின் குரல் டிசிஎஸ்ஸைவிடப் பெரிது.

இவ்வளவு குறை இருந்தும் டௌவை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்?

1896-இல் பென்சிலும் தாளும்தான். பன்னிரண்டு விலையைக் கூட்டி வகுப்பது நாள்தோறும் முடிகிற வேலை. ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கு எண்ணிக்கையையும் பெருக்கிக் கணக்கிடுவது அப்படியல்ல. இப்போது அந்தக் காரணம் இல்லை. ஆனால் நூற்றாண்டுக்கு மேல் நீளும் தொடர் ஒன்றை இடையில் முறை மாற்றினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒப்பிடத் தகாதவை ஆகிவிடும்.

அதற்குப் பதிலாக, சேர்க்கும்போதே விலையைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். ஆப்பிள் 2014 ஜூனில் ஒன்றை ஏழாகப் பிரித்தபிறகே 2015 மார்ச்சில் உள்ளே வந்தது. அமேசான் 2022-இல் ஒன்றை இருபதாகப் பிரித்து 2024 பிப்ரவரியில் வந்தது. என்விடியா 2024 ஜூனில் ஒன்றைப் பத்தாகப் பிரித்து அதே ஆண்டு நவம்பரில் வந்தது. பிரிக்காமல் வந்திருந்தால் மற்ற பங்குகளின் குரலை அமுக்கியிருக்கும். பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் ஏ வகைப் பங்கு ஒன்றே 6 லட்சம் டாலருக்கு மேல். அதை டௌவில் வைத்தால் மற்றவை இருப்பதே தெரியாது.

நிக்கேயும் விலை முறைதானே, அங்கேயும் ஸ்பிளிட் ஆனால் வெயிட்டேஜ் சுருங்குமா?

டௌ போல அப்படியே அல்ல. நிக்கேய் ஒவ்வொரு பங்கின் விலையையும் ஒரு சரிக்கட்டும் காரணியால் பெருக்கிய பிறகே கூட்டுகிறது. பெரிய பிரிப்பு நடந்தால் அந்தப் பங்கின் காரணியை ஏற்றிவிடுவார்கள். அதனால் வெயிட்டேஜ் காப்பாற்றப்படுகிறது.

இதனால் ஒரு பிரச்சினை தீர்ந்து இன்னொன்று நிலைத்துவிட்டது. யூனிக்லோ துணிக்கடைகளை நடத்தும் ஃபாஸ்ட் ரீடெய்லிங் பல ஆண்டுகளாக நிக்கேயில் தன் பொருளாதார அளவுக்குப் பொருந்தாத பெரிய வெயிட்டேஜோடு இருந்து வருகிறது. அதற்காகவே ஒரு பங்கின் வெயிட்டேஜுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். 2021 மார்ச்சில் ஜப்பான் மத்திய வங்கி, இனி டோபிக்ஸைப் பின்பற்றும் ஈடிஎஃப் என்ற ஃபண்டுகளை மட்டுமே வாங்குவதாக அறிவித்தது. நிக்கேய் ஈடிஎஃப் வாங்கினால் பணம் சில பங்குகளிலேயே போய்க் குவியும். அப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களை உள்ளடக்கியிருந்த டோபிக்ஸில் அது மதிப்புக்கேற்பப் பரவும்.

அப்படியானால் சந்தை மதிப்பு முறைதான் சரி, அது எல்லாப் பங்கின் நிலையையும் காட்டிவிடும், இல்லையா?

பணத்தின் நிலையைக் காட்டும். சராசரி நிறுவனத்தின் நிலையைக் காட்டாது. சில பெரிய நிறுவனங்கள் மட்டும் ஓடும் காலத்தில் இந்த இரண்டும் வெகுதூரம் விலகிவிடும். 2023-இல் எஸ் அண்ட் பி 500, டிவிடெண்ட் சேர்த்து 26.3 சதவீதம் தந்தது. அதே 500 நிறுவனங்களுக்கும் சம வெயிட்டேஜ் கொடுக்கும் குறியீடு 13.9 சதவீதம் தந்தது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா போன்ற சில ராட்சதப் பங்குகளே அந்த ஏற்றத்தில் பெரும்பகுதியைத் தூக்கின.

ஆனால் இந்த விலகல் டௌவின் விலகலோடு ஒன்றல்ல. இங்கே பெரிய நிறுவனத்தில் முதலீட்டாளர்களின் பணம் உண்மையிலேயே அதிகம் இருக்கிறது, எனவே அதன் குரல் பெரிது. டௌவில் குரலைப் பெரிதாக்குவது, பங்கை எத்தனை துண்டாக வைத்துக்கொள்வது என்று ஒரு இயக்குநர் குழு எடுத்த முடிவு. முதலாவதைப் புரிந்துகொண்டு சம வெயிட்டேஜ் குறியீட்டோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். இரண்டாவதில் படிக்க எதுவும் இல்லை.

நிஃப்டியில் ஒரு பங்கு எத்தனை புள்ளி கொடுத்தது என்று கண்டுபிடிக்க வகுஎண் கிடைக்கவில்லையே?

தேவையில்லை. முந்தைய நாள் முடிவில் இருந்த வெயிட்டேஜ் போதும்:

```
புள்ளிப் பங்களிப்பு = வெயிட்டேஜ் × பங்கின் சதவீத மாற்றம் × முந்தைய குறியீடு
0.10 × 0.02 × 25,000 = 50
```

25,000-இல் நிஃப்டி இருக்கும்போது 10 சதவீத வெயிட்டேஜ் உள்ள பங்கு 2 சதவீதம் ஏறினால் 50 புள்ளி. இதில் பலரும் தவறவிடுவது வெயிட்டேஜின் தேதியை. மாதக் கடைசியில் வெளியாகும் பட்டியலை வைத்து மூன்று வாரம் கழித்துக் கணக்குப் போட்டால், இடையில் விலைகள் நகர்ந்ததால் விடை சற்றுத் தள்ளி நிற்கும்.

குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுக்கு ஸ்பிளிட் வந்தால் என்ன வேலை? கையில் பங்கு அதிகமாகும், அவ்வளவுதானே?

சந்தை மதிப்பு முறையில் அவ்வளவுதான். 1,000 ஆப்பிள் வைத்திருந்த எஸ் அண்ட் பி ஃபண்டிடம் 2020 ஆகஸ்ட் 31 காலையில் 4,000 இருந்தது. எதையும் விற்கவோ வாங்கவோ வேண்டியதில்லை.

டௌவைப் பின்பற்றும் ஃபண்ட் முப்பது நிறுவனத்திலும் ஒரே எண்ணிக்கையில் பங்கு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 1,000 பங்கு வைத்திருந்தது என்று கொள்வோம். வகுஎண் 0.145798-லிருந்து 0.151987 ஆகிவிட்டதால் புதிய எண்ணிக்கை 1,000 × 0.145798 ÷ 0.151987, அதாவது 959. கையில் வந்த 4,000 ஆப்பிளில் 3,041-ஐ விற்க வேண்டும். மாறாமல் இருந்த மற்ற 26 நிறுவனங்களிலும் தலா 41 பங்கு விற்க வேண்டும். வெளியேறிய மூன்றையும் முழுக்க விற்றுவிட்டு, அந்தப் பணத்தையெல்லாம் சேர்த்துப் புதிய மூன்றிலும் தலா 959 வாங்க வேண்டும். ஆப்பிளின் தொழிலில் எந்த மாற்றமும் இல்லாத ஒரு நாளில், அதில் இருந்த முதலீட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விற்றாக வேண்டியிருந்தது.